செயற்பாட்டு நெம்புமை: அந்நியச் செலாவணியும் இல்லை, ஆதாயமும் இல்லை

நிலைச் செலவு காரணமாக, விற்பனை மாறும் விகிதத்தைவிட லாபம் அதிக விகிதத்தில் மாறுவதைக் குறிக்கும் ‘ஆபரேட்டிங் லீவரேஜ்’ என்பதற்குத் தமிழில் ‘இயக்க அந்நியச் செலாவணி’ என்று எழுதுவது பரவிக்கொண்டே போகிறது. நிதி பற்றிய மொழிபெயர்ப்புகளில் பத்தி தவறாமல் கண்ணில் படுகிறது. அந்நியச் செலாவணி என்றால் டாலர், யூரோ போன்ற வெளிநாட்டுப் பணம். லீவரேஜுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாணய வர்த்தகக் கட்டுரைகளில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருவதால் யாரோ ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டியிருக்க வேண்டும். அதை அடுத்தவர் எடுத்து எழுத, இன்று அதுவே கலைச்சொல் போல உலவுகிறது. சிவகாசியில் உள்ளூர் நாட்காட்டி அச்சடிக்கும் அச்சகத்தைப் பற்றி ‘இதன் இயக்க அந்நியச் செலாவணி 4’ என்று படிக்கும் மாணவர், இவர்கள் எந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்.

சொல்லின் வேர் எளிது. தூக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ‘லீவர்’. அதனால் கிடைக்கும் விளைவு ‘லீவரேஜ்’. நம்மிடம் இதற்கு ‘நெம்புதல்’ என்ற வினை பழகிய சொல்லாகவே இருக்கிறது. கடப்பாரையால் கல்லை நெம்புகிறோம், நெம்புகோல் என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த விளைவை நெம்புமை எனலாம்.

அந்நியச் செலாவணி அப்பட்டமான பிழை என்பதால் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது ‘செயல்பாட்டு ஆதாயம்’ என்ற இன்னொரு ஆக்கம். இது சரி போலவே தோன்றும். ஆங்கிலப் பேச்சில் ‘எனக்கு லீவரேஜ் இருக்கிறது’ என்றால் என் கை ஓங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பேச்சு வழக்கிலிருந்து ஆதாயம், அனுகூலம் என்று வந்துவிட்டார்கள். ஆனால் கணக்கில் லீவரேஜ் என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நெம்புகோலின் குட்டை முனை ஓர் அங்குலம் அசைந்தால் நெட்டை முனை நான்கு அங்குலம் அசைகிறது. மேலே போனாலும் நான்கு, கீழே வந்தாலும் நான்கு. குட்டை முனை விற்பனை, நெட்டை முனை லாபம். இதற்கு ஆதாயம் என்று பெயர் வைத்தால் கீழே வரும் பாதி பெயரிலேயே மறைந்துபோகிறது. ‘ஆதாயம் அதிகமுள்ள நிறுவனம்’ என்று படிப்பவருக்கு அதன் பங்கை வாங்கத் தோன்றும். விற்பனை சரியும்போது முதலில் அடிபடப்போகும் நிறுவனம் அது என்பதல்லவா அங்கே சொல்லவேண்டியது?

அந்த அடி எப்படி விழுகிறது என்று அச்சகத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். மாத விற்பனை 20 லட்சம் ரூபாய். தாள், மை, பிளேட், துண்டு வேலைக் கூலி ஆகியவை விற்பனையோடு கூடிக் குறையும் மாறும் செலவு. அது 12 லட்சம். மீதி 8 லட்சம் பங்களிப்பு. கட்டட வாடகை, மாதச் சம்பளம், இயந்திரத் தேய்மானம், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்டவேண்டிய மின்தேவைக் கட்டணம் எல்லாம் நிலைச் செலவு. அது 6 லட்சம். ஆகவே செயற்பாட்டு லாபம் 2 லட்சம். பங்களிப்பை லாபத்தால் வகுத்தால் 8 ÷ 2 = 4. இதுதான் நெம்புமையின் அளவு.

ஆர்டர் 10 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். விற்பனை 18 லட்சம். தாளும் மையும் அதே விகிதத்தில் குறைந்து 10.8 லட்சம் ஆகும். பங்களிப்பு 7.2 லட்சம். நிலைச் செலவு அசையாமல் அதே 6 லட்சத்தில் நிற்கிறது. லாபம் 1.2 லட்சம், அதாவது 40 சதவீதச் சரிவு. பத்து நாற்பதானதற்குக் காரணம் அந்த அசையாத 6 லட்சம்தான்.

பக்கத்துத் தெருவில் சொந்த இயந்திரம் இல்லாமல் வெளியே கொடுத்து அச்சடித்து வாங்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் விற்பனை 20, லாபம் 2 லட்சம்தான். ஆனால் மாறும் செலவு 17, நிலைச் செலவு 1 லட்சம். அவருடைய எண் 3 ÷ 2 = 1.5. அதே 10 சதவீதச் சரிவில் அவர் லாபம் 15 சதவீதம்தான் இறங்கும். நல்ல மாதத்தில் இருவர் கணக்கும் ஒன்றுபோலவே தெரியும். ஆதாயம் என்று பெயரிட்டால் இதில் யாருக்கு ஆதாயம் அதிகம் என்று எழுதுவது?

அடுத்தது, இந்த எண்ணை ஆங்கிலத்தில் ‘டிகிரி ஆஃப் ஆபரேட்டிங் லீவரேஜ்’ என்று சொல்லும்போது வரும் ‘டிகிரி’. இதைப் ‘பாகை’ என்பார்கள், ‘பட்டம்’ என்றுகூட எழுதிவிடுவார்கள். பாகை கோணத்துக்கு உரியது, பட்டம் கல்லூரிக்கு உரியது. இங்கே கிடைத்த 4 என்பது ‘நான்கு மடங்கு’. எனவே செயற்பாட்டு நெம்பு மடங்கு என்பதே பொருந்தும். ‘இயக்க’ என்ற முன்னொட்டையும் தவிர்க்கலாம். அச்சகத்தில் இயக்கம் என்றால் இயந்திரம் ஓடுவதுதான் நினைவுக்கு வரும்.

மடங்கு என்று சொன்ன உடனே இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. அந்த 4 அச்சகத்தின் நிரந்தரக் குணம் இல்லை. விற்பனை 18 லட்சத்துக்கு இறங்கியதும் மடங்கு 7.2 ÷ 1.2 = 6 ஆகிவிடுகிறது. அடுத்த 10 சதவீதச் சரிவு லாபத்தில் 60 சதவீதத்தைக் கொண்டுபோகும். விற்பனை 15 லட்சத்தில் பங்களிப்பும் நிலைச் செலவும் 6 லட்சத்தில் சமமாகி லாபம் சுழியாகும். அங்கே மடங்கே கணக்கிட முடியாது. 1 ÷ 4 = 25 சதவீதம்: 20 லட்சத்திலிருந்து நட்டக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதை மடங்கின் தலைகீழ் எண்ணே காட்டிவிடுகிறது.

கடன் வட்டியை நிலைச் செலவில் சேர்ப்பது பரவலான தவறு. அச்சகத்துக்கு மாதம் 1 லட்சம் வட்டி இருந்து அதையும் கழித்துக் கணக்கிட்டால் 8 ÷ 1 = 8 என்று வரும். அது செயற்பாட்டு மடங்கு 4-உம் நிதி நெம்பு மடங்கு 2-உம் பெருகி வந்த மொத்த மடங்கு. தொழிலின் அமைப்பால் வரும் ஆட்டத்தையும் கடனால் வரும் ஆட்டத்தையும் பிரித்துக் காட்டத்தான் ‘செயற்பாட்டு’ என்ற அடைமொழியே இருக்கிறது.

லாப மாற்றத்தின் சதவீதத்தை விற்பனை மாற்றத்தின் சதவீதத்தால் வகுப்பது என்றும் இந்த மடங்கைச் சொல்வதுண்டு. அந்த வாய்பாட்டைத் தமிழாக்குவோர் ‘விற்பனை மாற்றம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. இந்த வாய்பாடு விலை மாறாமல் விற்பனை அளவு மட்டும் மாறுவதாக வைத்துக்கொள்கிறது. ஆர்டர் குறையாமல், போட்டிக்காக விலையை 10 சதவீதம் தள்ளிக் கொடுத்தாலும் விற்பனைத் தொகை அதே 18 லட்சம்தான். ஆனால் அடிக்கவேண்டிய தாள் ஒன்றுகூடக் குறையவில்லை. மாறும் செலவு 12 லட்சமாகவே நிற்கும். பங்களிப்பு 6, நிலைச் செலவு 6, லாபம் ஒன்றுமில்லை. 40 சதவீதம் போகும் என்று எதிர்பார்த்தவருக்கு முழு லாபமும் போய்விடும்.

ஆகவே அறிக்கையில் எழுதும்போது இப்படி முழுதாக எழுதலாம்: ‘மாத விற்பனை 20 லட்சம் ரூபாய் என்ற நிலையில் செயற்பாட்டு நெம்பு மடங்கு 4, விலை மாறாமல் விற்பனை அளவு 10 சதவீதம் குறைந்தால் செயற்பாட்டு லாபம் 40 சதவீதம் குறையும்.’