விளக்கு சிமிட்டியது, ட்ரில் முறிந்தது

கோவை கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பம்ப் பாகங்களில் துளை போடும் மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. காற்றில் இயங்கும் கிளாம்ப் ஜாபைப் பிடித்துக்கொள்ளும், ஸ்லைடு முன்னால் நகரும், சுழலும் ட்ரில் உள்ளே இறங்கும். இந்த வரிசையை ஒரு சின்ன பிஎல்சி நடத்துகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று ட்ரில் பிட் முறிகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிட் தரமில்லை, வார்ப்பில் கடினம் இருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆபரேட்டர் மட்டும், "முறியறதுக்கு முன்னாடி லைட்டு ஒரு தடவ சிமிட்டும் சார்" என்றார்.

அதுதான் விஷயம். பக்கத்துப் பட்டறையில் பெரிய கம்ப்ரசர் ஒன்றை நேரடியாக ஸ்டார்ட் செய்கிறார்கள். அப்படி ஸ்டார்ட் செய்யும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். ஒரே லைனில் இருப்பவர்களுக்கு வோல்ட்டேஜ் கால் நொடி, அரை நொடி சரியும். 230 வோல்ட் 140-க்கு இறங்கி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் நொடியில் பேனலுக்குள் இருக்கும் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

பிஎல்சிக்கு 24 வோல்ட் டிசி தரும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 85 வோல்ட் ஏசி வரை தாங்கும் ரகம். 140 வோல்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்பிண்டில் மோட்டாரை இயக்கும் கான்டாக்டரின் ஏசி காயிலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மதிப்பிட்ட வோல்ட்டேஜில் 75 முதல் 20 சதவீதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் அது விட்டுவிடலாம் என்றுதான் ஐஇசி தரமே சொல்கிறது. 230 வோல்ட் காயில் என்றால் அது ஏறக்குறைய 172 முதல் 46 வோல்ட் வரை. இந்த மெஷினில் ஸ்பிண்டிலுக்குத் தனி ஸ்டார்ட் பட்டன், தன் காண்டாக்ட்டாலேயே பிடித்துக்கொள்ளும் பழைய வயரிங். கான்டாக்டர் விழுந்தால் விழுந்ததுதான். ஸ்பிண்டில் நின்றுபோனது பிஎல்சிக்குத் தெரியாது. அது ஸ்லைடைத் தள்ளிக்கொண்டே இருந்தது. சுற்றாத ட்ரில் வார்ப்பில் போய் முட்டினால் முறியாமல் என்ன செய்யும்?

இதை உறுதி செய்ய ஒரே ஒரு வயர் போதுமானதாக இருந்தது. கான்டாக்டரில் சும்மா கிடந்த துணைக் காண்டாக்ட்டை பிஎல்சி இன்புட் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஸ்லைடு முன்னால் போகும்போது அந்த இன்புட் 0.2 நொடிக்கு மேல் அணைந்திருந்தால் ஒரு கவுண்டர் ஏறட்டும் என்று எழுதிவைத்தேன். அந்த வாரம் பிட் முறிந்த ஒவ்வொரு முறையும் கவுண்டரும் ஏறியிருந்தது. அதன்பின் அதே இன்புட்டை ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவும் பயன்படுத்தினோம்.

சரி, கரண்ட் முழுதாகப் போய்விட்டால்? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டில் நிரம்பி இருக்கிறது, 200 வோல்ட் வரை உபயோகப்படும் என்று கொள்வோம். ½CV² கணக்கில் கிடைப்பது சுமார் 3.3 ஜூல். 24 வோல்ட், 5 ஆம்ப் சப்ளையை முழு லோடில் ஓட்டினால், உள் இழப்பையும் சேர்த்து 136 வாட் இழுக்கும். தாங்குவது 24 மில்லி செகண்ட், அதாவது ஒரு சைக்கிளுக்குச் சற்று மேல். அதே சப்ளையில் 40 வாட் மட்டும் எடுத்தால் 70 மில்லி செகண்ட் வரை ஓடும். அதனால்தான் எஸ்எம்பிஎஸ்ஸைத் தேவையைவிடப் பெரிதாகப் போடச் சொல்கிறேன். அதற்கும் மேலே வேண்டுமென்றால் 24 வோல்ட் டிசி யுபிஎஸ் வைக்கலாம்.

யுபிஎஸ் வைத்ததும் நிம்மதி என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பொதுவாக, மெஷின் தானாக மறுபடி ஓடுவதைத் தடுக்கும் பாதுகாப்பை பிஎல்சியின் முதல் ஸ்கேன் பிட்டில் வைப்பார்கள். மிட்சுபிஷி எஃப்எக்ஸில் `M8002`, டெல்டா டிவிபியில் `M1002`. பிஎல்சி அணைந்து எழுந்தால் அந்த பிட் ஒருமுறை வரும், எல்லாம் பூஜ்யத்துக்குப் போகும். யுபிஎஸ் இருந்தால் பிஎல்சி அணைவதே இல்லை! கரண்ட் பத்து நிமிடம் போய் வந்தாலும் ப்ரோக்ராம் அதே படியில், அவுட்புட் ஆனிலேயே காத்திருக்கும். ஸ்பிண்டிலை பிஎல்சியே நேரடியாக இயக்கும் மெஷினில் கரண்ட் வந்த அடுத்த கணம் அது சுற்றத் தொடங்கும். ஆபரேட்டர் அந்நேரம் சிப்ஸை எடுக்கக் கையை உள்ளே விட்டிருப்பார்.

ஆகவே பிஎல்சி உயிரோடு இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதாது, மெஷினுக்கு மூன்று பேஸும் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பட்டறைகளில் எஸ்பிபி என்று சொல்லும் சிங்கிள் பேஸ் ப்ரிவென்டரின் காண்டாக்ட்டை ஓர் இன்புட்டாகக் கொடுங்கள். ஒரு பேஸ் மட்டும் போய் பிஎல்சி வேறு பேஸில் தப்பித்துக்கொள்ளும் நாட்களிலும் அது காப்பாற்றும். மிச்சம் ப்ரோக்ராமில்:

```
StableTmr(IN := PhaseOK AND AirOK, PT := T#15S);
IF FirstScan OR NOT StableTmr.Q OR SpindleFault THEN
    Run := FALSE;
    Released := FALSE;
ELSIF NOT StartPB THEN
    Released := TRUE;
ELSIF Released AND AtHome THEN
    Run := TRUE;
    Released := FALSE;
END_IF;
```

கரண்ட் வந்த வேகத்தில் மறுபடி போவது நமக்குப் பழகியதுதான், அதற்காகத்தான் பதினைந்து நொடி. பேஸும் காற்றழுத்தமும் அவ்வளவு நேரம் விடாமல் சரியாக இருந்தால்தான் மெஷின் தயார். `Released` எதற்கு? ஸ்டார்ட் பட்டன் ஒட்டிக்கொண்டோ, யாராவது அழுத்திக்கொண்டோ இருக்கும்போது கரண்ட் வந்தால், புதிதாக அழுத்தியது போல ப்ரோக்ராம் ஏமாறக்கூடாது. ஒருமுறை விட்டதைப் பார்த்த பிறகே அழுத்தத்தை ஏற்கும். `Run` பிட்டை பேட்டரி நினைவில் வைக்கவே கூடாது. எந்தப் படியில் நின்றது என்பதை மட்டும் திரையில் காட்ட வைத்துக்கொள்ளலாம், அரைத் துளை போட்ட ஜாபை என்ன செய்வதென்று ஆபரேட்டர் முடிவெடுப்பார்.

ப்ரோக்ராமை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். அவுட்புட்டுகளுக்குப் போகும் 24 வோல்ட்டை, யுபிஎஸ்ஸில் சேராத ஒரு ரிலே வழியாக விடுங்கள். மெயின் கரண்ட் போனால் அது விழ வேண்டும், "கன்ட்ரோல் ஆன்" பட்டனை அழுத்தினால்தான் மீண்டும் பிடிக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனும் அந்த வழியிலேயே இருக்கட்டும்.

வால்வுகளில் ஒரு சின்ன விஷயம். ஸ்லைடுக்கு ஒற்றைக் காயில், ஸ்பிரிங் திரும்பும் ரகம். கரண்ட் போனால் ட்ரில் வெளியே வந்துவிடும். கிளாம்புக்கு இரட்டைக் காயில், கடைசி நிலையிலேயே நிற்கும் ரகம். மாற்றிப் போட்டால் சுற்றிக்கொண்டிருக்கும் ட்ரில்லோடு ஜாப் பிடி விட்டுத் திரும்பும். கம்ப்ரசர் நின்று காற்று கசிந்தாலும் பிடி தளரும், அதனால் கிளாம்ப் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு தேவை.

முடித்ததும் எம்சிபியை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஜாப் இல்லாமல், யாரும் அருகில் இல்லாமல், ஸ்லைடு பாதி வழியில் போகும்போது அணைத்து உடனே போடுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் அணைத்து வையுங்கள். ஒரு ஃப்யூஸை மட்டும் கழற்றிப் பாருங்கள். கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே எம்சிபியைப் போடச் சொல்லுங்கள். பதினைந்து நொடி கழித்தும் ஸ்பிண்டில் அசையக்கூடாது.