‘ரிவர்ட்’ என்று எழுதினால் பையருக்கு என்ன புரியும்?

திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில், வெளிநாட்டுப் பையர்களுக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்சண்டைசராக 17 ஆண்டுகளாக இருக்கிறேன். துணி, நூல், சாயம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் என் வேலை மெயில் எழுதுவதில்தான் வந்து நிற்கும். நான் எழுதிய ஒரு சொல்லால் 600 கிலோ துணி கையை விட்டுப் போனது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஸ்பெயினில் உள்ள ஒரு பையருக்குப் பச்சை நிற டி-ஷர்ட் ஆர்டர். மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன்னால் சின்னத் துண்டுகளில் சாயம் போட்டு ஒப்புதல் வாங்குவோம். அதற்கு லேப் டிப் என்று பெயர். முதலில் ‘ஏ’ அனுப்பினோம். கொஞ்சம் அடர்த்தியாகவும் ஒன்று பார்க்கலாமே என்றார்கள். ‘பி’ தயார் செய்து கூரியரில் போட்டுவிட்டு, “கைண்ட்லி ரிவர்ட் ஆன் பி அட் தி ஏர்லியஸ்ட்” என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, “ஓகே டு ரிவர்ட், தேங்க்ஸ்” என்று பதில் வந்தது.

எங்கள் கண்ணுக்கு ‘ஓகே’ மட்டும்தான் தெரிந்தது. பி-க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று சாயப்பட்டறைக்குச் சொல்லிவிட்டோம். உற்பத்திக்கு முந்தைய சாம்பிள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. “பி வேண்டாம், பழையதற்கே திரும்பலாம் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? நாங்களும் சரி என்றோமே” என்றார் பையர் அலுவலகத்தில் எங்கள் ஆர்டரைப் பார்க்கும் அம்மா.

அவர் மேல் தப்பே இல்லை. ‘ரிவர்ட்’ என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது என்றுதான் உலகத்தின் பெரும்பகுதி படித்திருக்கிறது. ஸ்பானிஷிலும் அதே வேரிலிருந்து வந்த ‘ரெவெர்திர்’ என்ற சொல் அந்தப் பொருளில் இருக்கிறது. பதில் போடுவது என்ற பொருள் நம் ஊர் அலுவலகங்களில் பழகிப்போனது. வெளிர் துணியை அடர்த்தியாக்கலாம். அடர்ந்ததை வெளிறச் செய்ய வேண்டுமென்றால் சாயத்தை உரிக்க வேண்டும், அதில் துணியின் வலு குறையும். அதனால் அந்தத் துணி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் ஸ்டாக் லாட்டுக்குப் போனது. புதிதாகத் துணி பின்னிச் சாயம் போட்டு, கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்பினோம்.

மரபுத்தொடர்களைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ மாதிரி வாசகங்களை அவர்களே அடித்துவிடுவார்கள். அவற்றைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பாருங்கள். ‘பந்து உங்கள் மைதானத்தில் இருக்கிறது’ என்று வந்தால், அது பையருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று புரிந்துவிடும்.

ஆனால் ரிவர்ட் இந்தச் சோதனையில் சிக்காது. ‘டூ த நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘ப்ரீபோன்’ எல்லாம் இப்படித்தான். நாமே பள்ளியிலிருந்து பழகியதால் அவை மரபுத்தொடராகவே நமக்குத் தோன்றுவதில்லை. இவற்றுக்கு என் வழி வேறு. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் அந்தச் சொல்லைத் தேடுவேன். நான் நினைத்த பொருள் முதல் பொருளாக இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுவேன். ‘ரிப்ளை’ என்றே எழுதலாமே.

சின்னச் சொல் என்றால் சுலபம் என்று நினைப்பதும் தப்பு. ‘புட் ஆஃப்’ என்பதில் இரண்டுமே குட்டிச் சொற்கள்தான். ஆனால் ஸ்பெயின்காரர் ‘புட்’ என்றால் வைப்பது, ‘ஆஃப்’ என்றால் அணைப்பது என்று தனித்தனியாகப் பார்த்தால் தள்ளிவைப்பது என்ற பொருள் எங்கிருந்து வரும்? நமக்கு நீளமாகத் தெரியும் ‘போஸ்ட்போன்’ அவருக்கு உடனே புரியும், அவர் மொழியில் அதற்கு நெருங்கிய சொல் இருப்பதால். கன்ஃபர்ம், கேன்சல், அப்ரூவ் எல்லாம் அப்படித்தான். ‘ஹோல்ட் ஆன்’, ‘ஹோல்ட் ஆஃப்’, ‘ஹோல்ட் அப்’ மூன்றையும் ஒரே மெயிலில் எழுதியவரை நான் பார்த்திருக்கிறேன். கட்டிங் நிற்கிறதா, நடக்கிறதா என்று எனக்கே குழப்பம் வந்தது.

இதைவிடக் கஷ்டமான இடம் எதிர்மறைக் கேள்வி. ஆடையில் தொங்கவிடும் அட்டையைப் பற்றி ஜப்பான் பையரிடம், “டோன்ட் யூ நீட் த ஹேங் டேக்?” என்று கேட்கிறோம். ‘யெஸ்’ என்று பதில் வருகிறது. வேண்டுமா, வேண்டாமா? தமிழில் “டேக் வேண்டாமா?” என்று கேட்டால் “ஆமா, வேண்டாம்” என்போம். ஜப்பானிய மொழியிலும் அதே வழக்கம்தான், கேட்டது சரி என்றால் ‘ஹாய்’. ஆங்கில வழக்கப்படி ‘யெஸ்’ என்றால் டேக் வேண்டும் என்று பொருள். அவர் எந்த வழக்கத்தில் பதில் சொன்னார் என்பதை மெயிலை வைத்துச் சொல்லவே முடியாது. அதனால் எங்கள் மெயிலில் ‘நாட்’ வரும் கேள்வியே கிடையாது. “ஹேங் டேக்: வித் ஆர் வித்தவுட்?” என்று கேட்டு, இரண்டில் ஒரு சொல்லைப் பதிலாக எழுதச் சொல்கிறோம்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ‘ஏஎஸ்டி-எஸ்டிஇ100’ என்று ஒரு எளிய ஆங்கில விதித்தொகுப்பு இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்குள் என்பதெல்லாம் அதன் விதிகள். மெயிலுக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்ற பழக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று கட்டுரைப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மெயிலில் அது ஆபத்து. முதல் வரியில் ‘லேப் டிப்’, அடுத்ததில் ‘ஷேட்’, அப்புறம் ‘ஆப்ஷன்’ என்று எழுதினால் மூன்று வெவ்வேறு விஷயங்களோ என்று படிப்பவர் தேடுவார்.

அந்தப் பச்சை நிற மெயிலை இப்போது எழுதினால் இப்படி இருக்கும். தலைப்பில் ஆர்டர் எண், ‘லேப் டிப் அப்ரூவல்’. முதல் வரி: “ப்ளீஸ் சூஸ் ஒன் லேப் டிப்: ஏ ஆர் பி.” அடுத்த வரியில் பழையது ஏ, புதிய அடர்ந்தது பி என்ற விளக்கம். பிறகு, “ப்ளீஸ் ரிப்ளை பை 9 செப்டம்பர், 12:00 ஸ்பெயின் டைம்.” 09/09 என்றால் பரவாயில்லை; 08/09 என்று எழுதினால் ஐரோப்பியருக்கு அது செப்டம்பர், அமெரிக்கருக்கு ஆகஸ்ட். அதனால் மாதத்தை எழுத்தில் எழுதுகிறோம். ‘ஸ்பெயின் டைம்’ என்று போடுவதற்கும் காரணம் உண்டு: அவர்கள் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறார்கள். கடைசி வரி: உங்கள் பதில் வந்த பிறகே சாயம் தொடங்குவோம்.

இப்படி எழுதினால் அதட்டுவது போல இருக்காதா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். தொடக்கத்தில் ஒரு வணக்கமும் முடிவில் ஒரு நன்றியும் அதற்குப் போதும். மரியாதைக்காக “குட் யூ பாஸிப்லி சீ இஃப்...” என்று நீட்டினால், படிப்பவருக்கு அது வேண்டுகோளா, வெறும் விசாரிப்பா என்று தெரியாமல் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் சில மெயில்கள் புரியாமல் போகத்தான் செய்யும். இரண்டு கேள்வி கேட்டு ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால், அல்லது வெறும் ‘ஓகே, தேங்க்ஸ்’ வந்தால், அதே வாக்கியத்தைத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. வேறு சொற்களில், அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து அனுப்புகிறோம். ஏ என்றோ பி என்றோ எழுத்து வராத ‘ஓகே’ எதையும் இப்போது நாங்கள் சாயப்பட்டறைக்கு அனுப்புவதில்லை.