பிடித்த வரி 26AS-இல் இல்லையா? பிடித்தவரிடம்தான் கேட்க வேண்டும்

அப்பா பெயரில் இருந்த கடையை ஒரு நிறுவனம் மாதம் 60,000 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்திருந்தது. 2025 செப்டம்பரில் அப்பா காலமானார், கடை மகளுக்கு வந்தது. அக்டோபர் முதல் மகள் கணக்குக்கு 54,000 வந்தது. வாடகையிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ் 10 சதவீதம். மூன்று மாதத்துக்கு 18,000. ஆனால் ஒருவர் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் படிவமான 26AS-இல், மகளின் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லை. அப்பாவின் 26AS-இல் மொத்தமும் இருந்தது. நிறுவனத்தின் கணக்குப் பிரிவு வங்கிக் கணக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பான் எண்ணை அப்படியே விட்டுவிட்டது.

இந்த வகைப் பிழைதான் தொல்லை. பான் எண்ணே செல்லாததாக இருந்தால் 20 சதவீதம் பிடிக்கவில்லையே என்று துறையே நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பும். இங்கே எண் சரியானது, ஆள்தான் வேறு. கணினிக்கு எந்தக் குறையும் தெரியாது. நாம் கேட்காதவரை யாரும் திருத்த மாட்டார்கள்.

வருமான வரித் துறையால் இந்தப் பதிவை நேரடியாக மாற்ற முடியாது. பிடித்தவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் விவரப் பட்டியலிலிருந்துதான் 26AS உருவாகிறது. அவர்தான் வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான TRACES-இல் திருத்தப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும். ஃபோனில் சொன்னால் "ஆடிட்டர்கிட்ட சொல்றோம்" என்பதோடு நின்றுவிடும். மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்:

"2025-26 மூன்றாம் காலாண்டு, படிவம் 26Q. அக்டோபர், நவம்பர், டிசம்பர் வாடகைக்குப் பிடித்த ரூ.18,000 என் தந்தையின் பான் எண்ணில் பதிவாகியுள்ளது. அந்த மூன்று பதிவுகளிலும் என் பான் எண்ணைப் போட்டுத் திருத்தப் பட்டியல் தாக்கல் செய்து, புதிய படிவம் 16A அனுப்பவும்."

தந்தையின் 26AS பக்கம், உங்கள் வங்கிப் பதிவு, உரிமை மாறியதற்கான ஆவணம், உங்கள் பான் நகல் ஆகியவற்றை இணையுங்கள். தாக்கல் செய்ததும் கிடைக்கும் டோக்கன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். செய்துவிட்டார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. திருத்தம் பரிசீலனை முடிந்ததும் 26AS-இல் தொகை வரும், பக்கத்தில் F என்று இருக்கும். U என்றிருந்தால் கட்டிய சலானோடு பொருந்தவில்லை. அதையும் அவர்களே சரிசெய்ய வேண்டும்.

அதற்குள் ரிட்டர்ன் கெடு வந்துவிட்டால், வாடகையை முழுதாகக் காட்டி 18,000-ஐயும் கோரித் தாக்கல் செய்துவிடுங்கள். பொருந்தவில்லை என்று நிலுவைக் கோரிக்கை வரலாம். திருத்தம் ஏறியபின் இ-ஃபைலிங் தளத்தில் Rectification பகுதியில் Tax credit mismatch correction என்பதைத் தேர்ந்து விண்ணப்பித்தால் சரியாகும். பிடித்த வரியைப் பிடித்தவர் கட்டாமலே விட்டிருந்தாலும் அதை உங்களிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு. ஆனால் அதைக் காட்டி வாதாடுவதைவிடத் திருத்தம் வாங்குவது சுலபம்.

தள்ளிப் போடாதீர்கள். திருத்தத்துக்கு முன்பு 6 ஆண்டு அவகாசம் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில், பட்டியல் தாக்கல் செய்ய வேண்டிய ஆண்டு முடிந்து 2 ஆண்டுதான்.