மேஜரா மைனரா? காந்தாரத்தைப் பாடிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்

கீபோர்டு கற்க வரும் பிள்ளைகளிடம் மேஜருக்கும் மைனருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "மேஜர்னா ஹாப்பி, மைனர்னா சோகம் மிஸ்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதை விட்டதற்குக் காரணம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி.

அவளுக்குக் கேள்வி ஞானம் நன்றாகவே இருந்தது. வகுப்பில் நான் வாசித்துக் காட்டும்போதெல்லாம் மேஜர், மைனர் என்று டக் டக்கென்று சரியாகச் சொல்லிவிடுவாள். ஒருநாள் தற்செயலாக ஒரு மைனர் மெட்டைத் தாளத்தோடு வேகமாக வாசித்தேன். "மேஜர்" என்றாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே மெட்டை ஆறு முறை, மூன்று வேகமாகவும் மூன்று மெதுவாகவும், மேஜரையும் மைனரையும் கலந்து வாசித்தேன். வேகமாக வாசித்த மூன்றும் அவளுக்கு மேஜர், மெதுவாக வாசித்த மூன்றும் மைனர். அதுவரை அவள் கேட்டுக்கொண்டிருந்தது என் கை வேகத்தை. மைனர் என்றாலே நான் என்னையறியாமல் மெதுவாக, மென்மையாக, கொஞ்சம் கீழ் ஸ்தாயியில் வாசித்திருக்கிறேன், பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது.

சந்தோஷம், சோகம் என்ற அடையாளம் நம் ஊர்க் காதுக்கு எப்படியும் சரிவராது. நீலாம்பரியில் தாலாட்டுப் பாடுகிறோம், அதில் இருப்பது அந்தர காந்தாரம், அதாவது மேஜரின் ga. மைனர் சாயலில் ஆட்டம் போட வைக்கும் பாட்டுகளும் நம் சினிமாவில் ஏராளம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மைனரைச் சோகம் என்று ஏன் சொல்ல வேண்டும்? உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். "வெயில் மாதிரி", "சாயங்காலம் மாதிரி", "ஏதோ யோசிக்கிற மாதிரி" என்று என்னென்னவோ சொல்வார்கள், எல்லாமே சரிதான். நான் காதுக்குப் பழக்குவது ஒரே ஒரு ஸ்வரத்தை, காந்தாரத்தை.

கீபோர்டில் sa-வை C-யில் வைத்துக்கொண்டால், அங்கிருந்து கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி நான்காவது கட்டை E, அது மேஜரின் ga. மூன்றாவது கட்டை, E-க்கு இடதுபக்கம் இருக்கும் கறுப்பு, மைனரின் ga. கர்நாடக சங்கீதத்தில் சொன்னால் அந்தர காந்தாரமும் சாதாரண காந்தாரமும். மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம், இயல்பான மைனர் நடபைரவி. இரண்டுக்கும் da, ni-யும் மாறும், ஆனால் ஆரம்பத்தில் அதைத் தொடவே வேண்டாம். sa முதல் pa வரை ஐந்து ஸ்வரம் போதும், அதில் மாறுவது ga மட்டும்தான்.

முதலில் கீபோர்டைத் தயார் செய்ய வேண்டும். பியானோ டோன் வேண்டாம், அழுத்தியதும் கரைந்துவிடும். ஆர்கன் அல்லது ஸ்ட்ரிங்ஸ் டோன் வைத்தால் கையை எடுக்கும்வரை நிற்கும். டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடுங்கள், அப்போதுதான் நம் விரலின் அழுத்தம் துப்புக் கொடுக்காது. C பிள்ளைக்குத் தாழ்வாக இருந்தால் டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டு கூட்டினால் விரல் C-யிலேயே இருக்கும், ஒலி D-க்குப் போய்விடும்.

அப்புறம் இடது கையில் C-யையும் G-யையும் பிடித்துக்கொண்டே இருப்பேன். அது sa-வும் pa-வும், தம்புரா மாதிரி. நடுவில் ga கிடையாது, அதனால் இன்னும் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. அதன்மேல் பிள்ளை "ச ரி க ரி ச" என்று பாட வேண்டும், முதலில் மேஜர் ga-வோடு, பிறகு அதே வேகத்தில் மைனர் ga-வோடு. ga-வில் நின்று நான்கு எண்ணிக்கை இழுக்கச் சொல்வேன். அந்த நிற்றலில்தான் விஷயம் இருக்கிறது, sa-வோடு அது எப்படி ஒட்டுகிறது என்பது தொண்டையிலேயே தெரியும். ga-வைக் கீபோர்டில் முன்கூட்டியே வாசித்துக் காட்டுவதில்லை. பாடி முடித்த பிறகுதான் கட்டையை அழுத்தி, பாடியது அதுதானா என்று சரிபார்ப்போம்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி வரும். ஒன்று, மைனர் ga பாடப் பாட மெல்ல மேலே ஏறும், கடைசியில் இரண்டு ga-வுக்கும் நடுவில் தொங்கும். கட்டையை அழுத்தும்போது குரலும் ஒலியும் சேராமல் அலையடிப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ரொம்பச் சின்ன உரசல் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், கீபோர்டின் E தூய்மையான அந்தர காந்தாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சுருதியில்தான் இருக்கும், நல்ல காது உள்ள பிள்ளை அதற்குச் சற்றுக் கீழே பாடுவது தப்பே இல்லை. இரண்டாவது, வாய்ப்பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளைகளிடம் மட்டும் பார்த்தது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிப் பழகியதால் ri தானாகவே இறங்கிவிடும். அதோடு ga-வும் இறங்கினால் தோடியின் வாசனை வந்துவிடும், மைனர் வராது. அவர்களுக்கு ga-வை மறந்துவிட்டு "ச ரி ச" மட்டும், சதுஸ்ருதி ரிஷபத்தோடு, ஒரு வாரம் கொடுக்கிறேன்.

அந்தச் சிறுமிக்கு மூன்று வாரம் இதையே செய்தோம். கடைசியில் ஒரு விளையாட்டு. வலது கையில் C D E D C என்று வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தேன், இடது கையில் C-யும் G-யும். "மேஜர்" என்றாள். வலது கையை மாற்றாமல் இடது கையை மட்டும் A-வுக்கும் E-க்கும் மாற்றினேன். முகம் மாறியது. "மிஸ், நீங்க வேற ஏதோ வாசிக்கிறீங்க." இல்லை, அதே கட்டைகள்தான், பார் என்று காட்டினேன். முதலில் "ச ரி க ரி ச"வாக இருந்தது, sa A-க்குப் போனதும் "க ம ப ம க" ஆகிவிட்டது, அதுவும் மைனர் ga-வோடு. கட்டையைப் பார்த்து மேஜர், மைனர் சொல்ல முடியாது, sa எங்கே என்று முதலில் காது பிடிக்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடிந்ததில்லை.

பழைய ஆறு மெட்டுச் சோதனையை மறுபடி வைத்தேன். இந்தத் தடவை உடனே பதில் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் sa-வை முனகி, அங்கிருந்து ga வரை ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். ஐந்து சரி. தவறிய ஒன்று வேகமான மைனர். கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்கள் இந்த முனகலைத் தயவுசெய்து தடுக்காதீர்கள், பதில் தாமதமாகிறது என்று அவசரப்படுத்தினால் மறுபடி வேகத்தையும் சத்தத்தையும் வைத்து ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

போன மாதம் அவளுக்கு மத்யமாவதியின் ஆரோகணத்தை வாசித்துக்காட்டி, மேஜரா மைனரா என்று கேட்டேன். அதில் காந்தாரமே கிடையாது. வழக்கம்போல முனகினாள், இரண்டு முறை மறுபடி வாசிக்கச் சொன்னாள், அப்புறம் கீபோர்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ், இதுல க வரவே இல்லையே."