அரங்கின் த்ரீடி படத்தில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரி, பள்ளி, கோயில் அறக்கட்டளை என்று அரங்கம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கணினியில் வரைந்த ஒரு த்ரீடி படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். படிப்படியாக உயரும் இருக்கைகள், இரு பக்கமும் மரப் பலகைச் சுவர், மங்கிய ஒளியில் மேடை. படம் பிடித்துப் போனால் "இப்படியே பண்ணிடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து ஒப்பந்தக்காரருக்கு அந்தப் படம்தான் வரைபடம். படத்தில் இல்லாத எதுவும் அரங்கில் வராது. படத்தில் பொய்யாக இருப்பதைக் கட்டவும் முடியாது.

அரங்க உள்கட்டமைப்பும் ஒலியமைப்பும் என் தொழில். என்னிடம் வரும் அரங்குகளில் பாதி, கட்டி முடித்தபின் "பேசுறது புரியலை", "பின்னாடி உட்கார்ந்தா தெரியலை" என்று வருபவை. அவற்றின் பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் தவறு அதிலேயே தெரியும். எப்படித் தெரியும் என்பதை மேற்கு மாவட்டம் ஒன்றில் 400 பேருக்காகத் திட்டமிட்ட ஒரு கல்லூரி அரங்கை வைத்துச் சொல்கிறேன். அகலம் 18 மீட்டர், நீளம் 24 மீட்டர், சராசரி உயரம் 7 மீட்டர். வரிசைக்கு ஏறக்குறைய 25 இருக்கை, மொத்தம் 16 வரிசை.

முதலில் இருக்கைப் படிகள். அந்தப் படத்தில் ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையைவிட 10 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. பார்க்க அழகான சாய்வு. ஆனால் பின்னால் இருப்பவருடைய பார்வைக் கோடு, முன்னால் இருப்பவருடைய கண்ணுக்கு மேல் எவ்வளவு இடைவெளி விட்டுப் போகிறது என்பதுதான் கணக்கு. முன்னவரின் கண் மட்டத்துக்கு மேல் குறைந்தது 60 மில்லிமீட்டராவது அந்தக் கோடு போக வேண்டும். 120 கிடைத்தால் தாராளம்.

இந்த அரங்கில் மேடை உயரம் 90 சென்டிமீட்டர், உட்கார்ந்தவர் கண் உயரம் 115 சென்டிமீட்டர். முதல் வரிசைக்காரர் கண்ணிலிருந்து மேடை விளிம்புக்கு 4 மீட்டர், வரிசைக்கும் வரிசைக்கும் 95 சென்டிமீட்டர். எல்லாப் படியும் 10 சென்டிமீட்டர் என்றால், மேடை விளிம்பைப் பார்க்கும் இரண்டாம் வரிசைக்காரருக்கு இடைவெளி 33 மில்லிமீட்டர். கடைசி வரிசைக்காரருக்கு வெறும் 9. பரதநாட்டிய நிகழ்ச்சி என்றால் ஆடுபவரின் பாதத்தை அவர் பார்க்கவே மாட்டார். படியின் உயரத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவாக 15 சென்டிமீட்டர் ஆக்கினாலும் கடைசி வரிசைக்கு 20 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். பின்னால் போகப் போகப் பார்வைக் கோடு படிகளின் சாய்வோடு ஏறக்குறைய ஒன்றாகிக்கொண்டே வருவதுதான் காரணம். அதனால் படிகளும் பின்னால் போகப் போக உயர வேண்டும். 60 மில்லிமீட்டர் இடைவெளி எல்லாருக்கும் கிடைக்க, இந்த அரங்கில் முதல் படி 13 சென்டிமீட்டரில் தொடங்கி கடைசிப் படி 21-22 சென்டிமீட்டர் வரை போக வேண்டியிருந்தது. மொத்த ஏற்றம் படத்தில் ஒன்றரை மீட்டர். தேவைப்பட்டதோ 2.75 மீட்டர். இந்த வித்தியாசம் கான்கிரீட் போட்டபின் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றுவிட்டு ஒரு வரிசையின் இருக்கைகளைப் பக்கவாட்டில் நகர்த்தி, முன்னவர் இருவரின் தலைகளுக்கு நடுவே பார்க்கும்படி அமைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

படம் இதை எப்படி மறைக்கிறது? கேமராவைக் கடைசி வரிசைக்குப் பின்னால், ஆள் நிற்கும் உயரத்துக்கும் மேலே வைத்திருப்பார்கள். இருக்கைகள் காலியாக இருக்கும். அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து மேடையைப் பார்க்கப் போவதில்லை. எனவே இன்னொரு படம் கேளுங்கள்: பத்தாவது வரிசை நடு இருக்கை, அந்தப் படியின் தரையிலிருந்து 115 சென்டிமீட்டர் உயரத்தில் கேமரா, முன்னால் எல்லா இருக்கையிலும் பெரியவர்கள். அகலமான லென்ஸும் வேண்டாம், அது கூடத்தை இல்லாத அளவுக்கு நீட்டிக் காட்டும். இந்த ஒரு படத்தைக் கொடுக்கத் தயங்குகிற வடிவமைப்பாளரிடம் படிக் கணக்கைக் கட்டாயம் கேளுங்கள்.

படி உயர்ந்தால் நடைபாதையும் மாற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. 20 சென்டிமீட்டருக்கு மேல் போகும் வரிசைகளில், நடைபாதையில் நடுவே அரைப் படி ஒன்று வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தச் சரிவு ஒத்துவராது, அவருக்கான இடத்தைச் சமதளத்தில் ஒதுக்கி, அதையும் படத்தில் காட்ட வேண்டும்.

அப்புறம் சுவர்ப் பலகை. இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. இந்த அரங்கின் கன அளவு ஏறக்குறைய 3,000 கன மீட்டர். ஒரு சத்தம் எழுந்து 60 டெசிபல் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்பதை எதிரொலி நேரம் என்போம். வாலஸ் சபின் என்ற ஹார்வர்டு இயற்பியலாளர் 1890-களில் ஒரு விரிவுரைக் கூடத்தில் இருக்கை மெத்தைகளை வைத்தும் எடுத்தும் அளந்து கண்டுபிடித்த கணக்கு இன்றும் நமக்குப் போதும்: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். உறிஞ்சலைச் சதுர மீட்டரில் சொல்வோம்; ஒலியை முழுசாக விழுங்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஓர் அலகு.

பேச்சும் பாட்டும் நடக்கும் கூடத்துக்கு 1.2 வினாடி நல்ல இலக்கு. மெத்தை இருக்கையில் ஆட்கள் நிரம்பியிருந்தால் நடுத்தர ஒலியில் அவர்கள் தருவது ஏறக்குறைய 200 அலகு. பூச்சுச் சுவரும் கூரையும் சேர்ந்து 30. ஆக 230 அலகுக்கு 2.1 வினாடி வருகிறது. ஒலிபெருக்கியில் பேசினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும் நிலை அது.

படத்தில் 150 சதுர மீட்டருக்கு வரிவரியான மரப் பலகை இருந்தது. விலைப்பட்டியலில் பார்த்தபோது அது சுவரில் நேரடியாக ஒட்டும் ஃப்ளூட்டட் பலகை. பின்னால் வெற்றிடம் கிடையாது, ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு கிடையாது, துளையும் கிடையாது. அதன் உறிஞ்சல் பூச்சுச் சுவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதை ஒட்டியபின்னும் எதிரொலி நேரம் 2 வினாடிதான். அதே வரிவரித் தோற்றத்தில், இடுக்குகளில் துளை போட்ட பலகை, பின்பக்கம் கறுப்புத் துணி, அதற்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் ராக்வூல், இன்னும் 50 மில்லிமீட்டர் காற்று இடைவெளி என்று அமைத்தால் எதிரொலி நேரம் 1.4 வினாடிக்கு இறங்கும். மீதியை நடைபாதைக் கம்பளமும் மேடைத் திரையும் பார்த்துக்கொள்ளும். இரண்டு பலகையும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும், கண்ணால் பிரிக்கவே முடியாது. அதனால் படத்தோடு சேர்த்து, பலகையைக் குறுக்கே வெட்டிய வரைபடமும், 125 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான உறிஞ்சல் சோதனைச் சான்றிதழும் கேளுங்கள். சான்றிதழில் எப்படிப் பொருத்திச் சோதித்தார்கள் என்றும் எழுதியிருக்கும். இடைவெளி விட்டுச் சோதித்ததைச் சுவரோடு ஒட்டினால் அந்த எண்கள் செல்லாது.

துணி போர்த்திய பலகை என்றால் மாதிரித் துண்டை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று நுழைந்தால் ஒலியும் நுழையும். ரெக்ஸின் போர்த்திய பலகையில் நுழையாது. பராமரிப்பு என்று பலகைக்கு மேல் பெயின்ட் அடிப்பதும் துளைகளை அடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் தயவு செய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்: முட்டை அட்டை போன்ற பாலியூரித்தேன் ஃபோம். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசைக் கூடத்தில் மேடை வாணம் சுவர் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். தீ பரவ சில நிமிடம் கூட ஆகவில்லை. தீப்பிடிப்புத் தரச் சான்றிதழ் இல்லாத எந்தப் பொருளும் மேடைப் பக்கம் வரக் கூடாது.

கடைசியாக வெளிச்சம். படத்தை நம்பலாமா என்று எனக்கு மிகச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பது இதுதான். நிகழ்ச்சி நடக்கும்போது வெளிச்ச அளவு மேடையில் 500 லக்ஸ், இருக்கைகளில் 5 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நூறு மடங்கு வித்தியாசம். மேடைக்குச் சரியாக ஒளி அளவு வைத்து கேமராவில் எடுத்தால், கரும் நிற இருக்கைகள் ஏறக்குறைய கறுப்பாகத்தான் விழும். சுவர்ப் பலகையின் வரிகள் மேடைக்கு அருகில் மட்டும் லேசாகத் தெரியும். ஆனால் நம் கைக்கு வரும் படங்களில் மேடையும் பளிச், பலகையின் மர ரேகையும் தெளிவு, கடைசி வரிசை மெத்தையின் தையல்கூடத் தெரிகிறது. படம் வரைந்தவர் கூடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளைத் தூவியிருக்கிறார் என்று அர்த்தம். காற்றில் கம்பி கம்பியாகத் தெரியும் ஒளிக்கற்றையும் அப்படித்தான்; புகை இயந்திரம் இயங்கினால் ஒழிய அது நேரில் தெரியாது.

நிஜமான படம் வேண்டுமென்றால், வாங்கப் போகும் விளக்கு எந்தத் திசையில் எவ்வளவு ஒளி வீசும் என்று சொல்லும் ஐ.இ.எஸ் கோப்பைத் தயாரிப்பாளரிடம் பெற்று அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். கேமராவின் ஒளி அளவை மாற்றாமல் மூன்று நிலைகள் கேளுங்கள்: எல்லா விளக்கும் எரியும்போது, நிகழ்ச்சியின்போது, மின்சாரம் போய் அவசர விளக்கு மட்டும் எரியும்போது. முதல் படம் வெளுத்தும் கடைசிப் படம் இருண்டும் வரும். வரட்டும், அந்த வித்தியாசத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். மூன்றாவது படத்தை இதுவரை யாரும் தானாகக் கொண்டுவந்து எனக்குக் காட்டியதில்லை.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த விபத்தில், பால்கனியில் கூடுதல் இருக்கை போட்டு ஒரு நடைபாதையை அடைத்திருந்ததும் இருட்டும் வெளியேற முடியாமல் செய்தவற்றில் அடங்கும். அதனால் இருட்டுப் படத்தில் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிகிறதா, கதவுக்கு மேல் வெளியேறும் வழிப் பலகை எரிகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். படி விளக்குக்கு நடைபாதைத் தரையில் 2 லக்ஸ் இருந்தாலே போதும், மேடையைக் கெடுக்காது. ஆனால் விளக்கின் முகம் கீழ் நோக்கி இருக்க வேண்டும், மேலே உட்கார்ந்தவர் கண்ணில் அடிக்கக் கூடாது.

திரையரங்கு என்றால் இன்னொரு விஷயம் சேரும். திரையின் வெண்மை சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்ற அளவில்தான் இருக்கும். அதிலிருந்து தெறிக்கும் ஒளி பக்கச் சுவரில் பட்டு மீண்டும் திரைக்கே வந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். எனவே திரைக்கு அருகே உள்ள பலகைகள் பளபளப்பில்லாத கரும் நிறத்தில் இருக்க வேண்டும். பொன்னிற மரமும் சுவரோர எல்.இ.டி. பட்டையும் வேண்டுமென்றால் பின்பாதியில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டை ஒரு சதவீதம் வரை நடுங்காமல் மங்குகிறதா என்பதைக் கடையில் அல்ல, நீங்கள் வாங்கும் அதே டிம்மரோடு இணைத்து, அரங்கிலேயே ஒரு மீட்டர் துண்டு ஒட்டிப் பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள்.