பதிவேட்டில் கேள்விக்குறி, எக்செல்லில் காசநோய்

கிளினிக் பதிவேட்டில் மருத்துவர் கையால் எழுதிய நோயறிதலை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 குறியீடாக மாற்றி எக்செல்லில் ஏற்றும்போது நோயாளிக்கு அநீதி நேர்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சந்தேகம் என்று எழுதப்பட்டது உறுதியாகிவிடுகிறது. மூன்று வார இருமலோடு வந்தவருக்கு மருத்துவர் `?PTB` என்று எழுதிச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். ஏற்றுபவர் கேள்விக்குறியை விட்டுவிட்டு `A16.2` என்று போட்டால், அந்த நோயாளி ஏட்டளவில் நுரையீரல் காசநோயாளி ஆகிவிடுகிறார். பிறகு காப்பீட்டுத் தொகை கேட்கும்போது, பழைய நோயை மறைத்தார் என்று மறுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏறியதை மாற்ற முடியாது என்கிறது கிளினிக். அங்கேயே கடிதம் வாங்கி வரச் சொல்கிறது காப்பீட்டு அலுவலகம். இப்படி அலைக்கழிக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டால் விதியைக் காட்டுவார்கள். சந்தேக நோயை உறுதியான நோயாகவே குறியிட வேண்டும் என்று ஐ.சி.டி.-10 கையேடு சொல்வது உண்மைதான். ஆனால், மேற்கொண்டு எந்தத் தகவலும் இல்லாதபோது மட்டுமே அது பொருந்தும். அந்தத் தகவல் பெரும்பாலும் பக்கத்து அறையில் உள்ள ஆய்வக ஏட்டிலேயே கிடக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பரிசோதனைக்குப் பின் காசநோய் இல்லை என்று மருத்துவர் முடிவு செய்திருந்தால், போட வேண்டிய குறியீடு `Z03.0`. முன்பு வந்து குணமானது என்னும் பொருளில் `h/o PTB` என்றிருந்தால் `Z86.1`. இரண்டுக்கும் `A16.2` போடுவது தவறு.

எக்செல்லும் இதே இடத்தில் காலை வாரும். சுருக்கெழுத்துகளையும் குறியீடுகளையும் `Map` என்ற தனித் தாளில் வைத்து `VLOOKUP` மூலம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதற்குக் கேள்விக்குறி என்றால் ஏதேனும் ஓர் எழுத்து என்று பொருள். பட்டியலில் `GDM` மேலே இருந்தால், சர்க்கரை நோய் சந்தேகம் என்று எழுதிய `?DM` அதனுடன் பொருந்திவிடும். ஆண் நோயாளிக்கும் கர்ப்பகால நீரிழிவுக்கான `O24.4` விழும். இதைத் தடுக்க:

```
=VLOOKUP(SUBSTITUTE(TRIM(B2),"?","~?"),Map!A:B,2,FALSE)
```

கடைசியிலுள்ள `FALSE` விடுபட்டால், பொருந்தாத சுருக்கெழுத்துக்கும் ஏதோ ஒரு வரிசையின் குறியீடு வந்து உட்காரும். பிழையென்ற அறிகுறியே தெரியாது. `#N/A` வந்தால் அது நல்லதுதான். அந்த வரியை ஊகித்து நிரப்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். `B` நெடுவரிசையில் மருத்துவர் எழுதியதை எழுத்து மாறாமல் வைத்து, சந்தேகமா, உறுதியா, இல்லையென முடிவானதா என்பதற்கு இன்னொரு நெடுவரிசை ஒதுக்குங்கள்.

நோயாளிகளுக்கு: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, நீங்கள் கேட்டால் மருத்துவப் பதிவின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். குறியீடு மட்டுமுள்ள அச்சுத்தாளை நீட்டினால் ஏற்காமல், மருத்துவர் எழுதிய மூல வரியைக் கேளுங்கள். மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற கடமை அந்த ஒழுங்குமுறையில் உள்நோயாளிப் பதிவுகளுக்கே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே புறநோயாளியாகப் பார்த்தவர்கள், காப்பீட்டுச் சிக்கல் வரும்வரை காத்திராமல் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.