ராசியும் கால்ஷீட்டும்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அதே நடிகர்கள், அதே எழுத்தாளர். ஒரு பழைய டிவி தொடருக்காகப் பல வருடம் கழித்து மறுபடி சேர்ந்தால் ஏன் சப்பென்று இருக்கிறது? ராசி போய்விடுமா?”

ஏன் கூட்டி வருகிறார்கள் என்பது எளிது. தெரிந்த பெயருக்குப் பார்வையாளர்களைப் புதிதாகத் தேட வேண்டாம். நமக்கோ பழையதில் நல்ல காட்சிகள் மட்டும்தான் நினைவிருக்கும். சரி, ராசிக்கு வருவோம். அதைச் சோதித்ததுபோல ஒரு சம்பவம் நடந்திருக்கிறது.

‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2006இல் நின்றுபோய், 2013இல் நெட்ஃபிளிக்ஸில் திரும்பி வந்தது. அதற்குள் நடிகர்கள் பிஸியாகிவிட்டதால், எல்லோருடைய கால்ஷீட்டும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. எனவே எபிசோடுக்கொரு பாத்திரத்தை மையமாக வைத்து 15 எபிசோடுகள் எடுத்தார்கள். சில இடங்களில் தனித்தனியாக எடுத்ததைப் பச்சைத் திரை உதவியோடு ஒட்டினார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2018இல் அதே காட்சிகளைக் கால வரிசைப்படி வெட்டி 22 எபிசோடுகளாக மறுபடி வெளியிட்டார்கள். அப்போதும் பழைய கலகலப்பு வரவில்லை. ஆக, குறை வரிசையில் மட்டும் இல்லை, படமாக்கியதிலேயே ஏதோ விடுபட்டிருக்கிறது.

அது என்ன? பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 0.2 வினாடிதான் என்று கண்டது. ஆனால் ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்குச் சுமார் 0.6 வினாடி ஆகும்! அப்படியென்றால் எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். ரயிலில் தாதரில் இறங்க வேண்டியவர் முந்தைய ஸ்டேஷனான மாட்டுங்காவிலேயே கதவருகே வந்து நிற்பதுபோல. குரல் தாழ்வது, மூச்சு, கண் என எல்லாவற்றையும் வைத்து, பேச்சு எங்கே முடியும் என்று ஊகிக்கிறோம்.

வசனம்தான் மனப்பாடமாயிற்றே என்பீர்கள். வசனம் மனப்பாடம், ஆனால் அன்றைக்கு எதிராளி அதை எப்படிச் சொல்லப்போகிறார் என்பது மனப்பாடம் இல்லை. அவர் பாதியில் இருக்கும்போதே கேட்பவரின் உதடு துடிக்கும். நகைச்சுவையில் பாதி அந்த முகம்தான். தனியாக எடுத்தால், இடைவெளியை எடிட்டர் 0.2 வினாடிக்குச் சுருக்கிவிடலாம். நடக்காத உதட்டுத் துடிப்பை எங்கிருந்து எடுப்பார்? எந்தத் தொடரிலும் ஒருவர் முகத்தை மட்டும் எடுக்கும் ஷாட் உண்டுதான், ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் மற்றவர் நின்று வசனம் கொடுப்பது வழக்கம். கால்ஷீட் கிடைக்காவிட்டால் அவரும் இல்லை. என் கணிப்பில், ‘ராசியான ஜோடி’ என்பதில் பெரும்பங்கு இதுதான். இதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

வாசகியே சோதிக்கலாம். பழையதிலும் புதியதிலும் ஒவ்வொரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரை மட்டும் பாருங்கள். எதிராளி முடிப்பதற்கு முன்பே அந்த முகம் மாறத் தொடங்குகிறதா, இல்லை முடித்த பிறகுதானா?